கழற்றிய பிறகு தெரியும் சேதம்: மோட்டார் கிளைம் அலுவலர்களுக்கும் சர்வேயர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிளைம் அலுவலர்களுக்கும் சர்வேயர்களுக்கும் வணக்கம்.

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி, நாகப்பட்டினம் சுற்றுவட்டாரத்தில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை நடத்துகிறவர்கள் சிலர் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். பேச வந்தது ஒரே ஒரு விஷயம். முதல் சர்வே முடிந்து, எஸ்டிமேட்டுக்கு ஒப்புதலும் வந்து, வண்டியைப் பிரித்த பிறகு உள்ளே தெரியவரும் சேதத்துக்கு நாங்கள் அனுப்புகிற சப்ளிமென்டரி எஸ்டிமேட் பற்றியது அது. பல சமயம் அது பதிலே இல்லாமல் கிடக்கிறது. பதில் வந்தால் ‘பழைய சேதம்’ என்று இரண்டு சொல் வருகிறது. இதில் உங்கள் பக்கம் மட்டும் குறை சொல்ல முடியாது. மங்கலாக நான்கு படம், கீழே ஒரு தொகை, ‘பார்த்து அனுமதிக்கவும்’ என்று ஒரு வரி. இப்படி அனுப்பும் பட்டறைகள் எங்களுக்குள்ளேயே இருக்கின்றன. அந்த நான்கு படத்தை வைத்து ஒப்புதல் தர எங்களாலும் முடியாது.

அதனால் முதலில் நாங்கள் எப்படி அனுப்பப் போகிறோம் என்று சொல்லிவிடுகிறோம். பிறகு உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறோம். பொதுவாகப் பேசினால் பிடிபடாது. இந்தப் பக்கத்தில் அடிக்கடி வரும் ஒரு வகை விபத்தையே எடுத்துக்கொள்வோம்.

அறுவடை நேரத்தில் கிராமத்து ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும். எதிரே அறுவடை மெஷின் ஏற்றிய லாரி வரும். இருட்டில் ஒதுங்குகிற கார், வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் முன் வலது மூலையைக் கொடுக்கும். அந்தச் சுவர் உயரமாக இருப்பதில்லை. பாதி கோரைக்குள் மறைந்திருக்கும். இடி பம்பரின் கீழ்ப்பாதியில் விழுகிறது. அதே வேகத்தில் வலது முன் சக்கரமும் சுவரின் அடிக்கட்டையில் ஏறுகிறது. வெளியே நின்று பார்க்கிறவருக்குத் தெரிவது பம்பர், வலது ஹெட்லைட், வலது ஃபெண்டர், கொஞ்சம் பானெட். முதல் எஸ்டிமேட்டில் இந்த நான்கும்தான் இருக்கும். இருந்தாக வேண்டும், கண்ணுக்குத் தெரியாததை யாரும் விலை போட முடியாது.

பம்பரைக் கழற்றியதும் இரண்டு தனித்தனி வழியில் இடி உள்ளே போயிருப்பது தெரியும். முதல் வழி பம்பர் பீம், அதன் பின்னால் இருக்கும் கிராஷ் பாக்ஸ், அங்கிருந்து ஏப்ரன். இரண்டாவது வழி சக்கரம், நக்கிள், லோயர் ஆர்ம், அதைத் தாங்கும் சப்ஃப்ரேம். சப்ளிமென்டரியில் வரும் ஒவ்வொரு பொருளும் இந்த இரண்டு வழிகளில் ஏதாவது ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லையென்றால் அதை நாங்கள் கேட்கக் கூடாது, நீங்களும் தரக் கூடாது. எங்கள் வாதத்துக்கு ஆதாரம் இது ஒன்றுதான்.

இப்போது சிக்கலின் வேருக்கு வருகிறோம். உள்சேதத்துக்கான சாட்சி ரொம்ப நாள் நிற்காது. பெயின்ட் உரிந்து வெளியே வந்த இரும்புத் தகடு, இடித்த அன்று வெள்ளி மாதிரிப் பளபளக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கமே இரண்டு மூன்று நாளில் அதன் மேல் செம்பழுப்பு படர்ந்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடிக் கடற்காற்றில் ஒரு ராத்திரி போதும். வண்டியைப் பிரித்து மெயில் அனுப்பி, சர்வேயர் பத்தாம் நாள் வந்து பார்க்கும்போது கிராஷ் பாக்ஸின் மடிப்பு முழுக்கத் துரு. ‘துருப்பிடித்திருக்கிறது, ஆகவே பழைய சேதம்’ என்று அவர் எழுதுகிறார். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறார், பொய் எழுதவில்லை. ஆனால் அந்தத் துரு விபத்துக்கு முன்னால் வந்தது இல்லை, தாமதத்தில் வந்தது.

பழைய துருவையும் புதுத் துருவையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. புதுத் துரு தூள் மாதிரி ஆரஞ்சு நிறத்தில் மேலாக இருக்கும். விரலில் ஒட்டும், துணியால் அழுத்தித் துடைத்தால் அடியில் தகடு பளபளக்கும். பழைய துரு கருப்புப் பழுப்பாக, செதில் செதிலாக, தகட்டைக் குழி பறித்திருக்கும். பக்கத்துப் பெயின்டைக் கீழிருந்து தூக்கி உப்ப வைத்திருக்கும். பிளாஸ்டிக்கில் இதைவிடச் சுலபம். புதிதாக உடைந்த ஹெட்லைட் காதிலும் ஃபேன் ஷ்ரவுடிலும் உடைப்பு ஓரம் கூர்மையாக இருக்கும், வளைந்த இடத்தில் வெள்ளை பூத்திருக்கும். பழைய உடைப்பின் ஓரம் மழுங்கி, விரிசலுக்குள் அழுக்கு ஏறியிருக்கும். அலுமினியத்தில் சிவப்புத் துருவே வராது. புது முறிவு சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி மணல் மணலாக மின்னும், பழசு சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும்.

இந்த வித்தியாசத்தையெல்லாம் பிரித்த அன்றே படமாக்கினால் ஒழியக் காட்ட முடியாது. ஆகவே படம் எடுக்கும் முறையை எங்களுக்குள் இப்படி வகுத்துக்கொண்டோம்.

ஸ்பானர் வைப்பதற்கு முன்னால் நான்கு மூலையிலும் வண்டி, நம்பர் பிளேட், சேசிஸ் நம்பர், மீட்டரில் ஓடிய கிலோமீட்டர். பிறகு பம்பரை எடுத்ததும் கழுவாமல் முதல் படம். இது முக்கியம். வாய்க்கால் கரையில் இடித்த வண்டியின் உள்ளே கரும் களிமண்ணும் புல்லும் அப்பியிருக்கும். அந்த மண் எங்கே அப்பியிருக்கிறது, எங்கே உரசித் தேய்ந்திருக்கிறது என்பதே இடி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடும். பழக்கதோஷத்தில் பையன்கள் முதல் வேலையாக வாட்டர் வாஷ் அடித்துவிடுவார்கள். அதோடு பாதி சாட்சி சாக்கடையில் போய்விடும். மண்ணோடு எடுத்த பிறகு துடைத்துவிட்டு அதே கோணத்தில் இன்னொரு படம்.

ஒவ்வொரு சேதத்துக்கும் மூன்று தூரத்தில் படம் வேண்டும். முதலாவது, நம்பர் பிளேட்டோ அடையாளம் தெரிகிற வேறு பாகமோ சேர்ந்து வரும் தூரத்தில். அது இல்லையென்றால் படத்தில் இருப்பது எந்த வண்டியின் ஏப்ரன் என்று கேட்டால் பதில் இல்லை. இரண்டாவது, பாகம் முழுதும் அதைச் சுற்றியுள்ளவையும் தெரிகிற தூரத்தில். மூன்றாவது, மடிப்போ விரிசலோ தெளிவாகத் தெரியும் கிட்டத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து. இதோடு நாலாவதாக ஒன்று, பலர் எடுக்காமல் விடுவது: சேதம் இல்லாத எதிர்ப்பக்கத்தில் அதே இடம், அதே கோணம். வலது ஏப்ரனில் பெயின்ட் சுருங்கியிருக்கிறது என்று பத்து வரி எழுதுவதைவிட இடது ஏப்ரன் வழவழவென்று இருக்கும் படத்தைப் பக்கத்தில் வைத்தால் பேச்சே தேவையில்லை.

ஜாப் கார்டு நம்பரும் தேதியும் எழுதிய சீட்டு எல்லாப் படத்திலும் ஓரத்தில் இருக்க வேண்டும். டார்ச்சைச் சேதத்துக்கு நேராக அடிக்காமல் பக்கவாட்டில் அடித்தால் நெளிவு நிழல் விழுந்து தெரியும். நேராக அடித்தால் தட்டையாகத் தெரியும், ‘சேதம் காணப்படவில்லை’ என்று பதில் வரும். அனுப்புவதிலும் ஒரு பிசகு நடக்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போய், எடுத்த தேதி நேர விவரமும் கழன்றுவிடுகிறது. அதிலேயே Document என்று தேர்ந்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். கோப்பின் பெயரும் `JC412_07_RH_apron_close.jpg` மாதிரி இருந்தால், விளக்கத் தாளில் ‘படம் 7’ என்று எழுதும்போது உங்கள் அலுவலகத்தில் யாரும் தேட வேண்டியிருக்காது.

படத்தில் வராத சேதமும் உண்டு. அதை அளந்துதான் காட்ட வேண்டும். மேலே சொன்ன விபத்தில் அதிகம் தகராறு வருவது லோயர் ஆர்மில்தான். வளைந்த லோயர் ஆர்ம் வண்டியில் மாட்டியிருக்கும்போது நேராக இருக்கிற மாதிரியே கண்ணுக்குத் தெரியும். ‘படத்தில் வளைவு தெரியவில்லை, அனுமதி இல்லை’ என்பது வழக்கமான பதில். அதை எப்படி நிரூபிப்பது என்று ஒரு வண்டியின் அளவுகளை வைத்தே சொல்கிறோம்.

டயர் காற்று இரண்டு பக்கமும் சமமாக வைத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையத்துக்கு இரு பக்கமும் டேப் பிடித்தோம். இடது 2,425 மி.மீ., வலது 2,409. வலது முன் சக்கரம் 16 மி.மீ. பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. இது முதல் அடையாளம், ஆனால் எதனால் என்று இது சொல்லாது. ஆர்ம் வளைந்திருக்கலாம், சப்ஃப்ரேம் நகர்ந்திருக்கலாம், மேலே ஸ்ட்ரட் டவரே இடம் மாறியிருக்கலாம், நக்கிளோ ஸ்ட்ரட்டோ வளைந்திருக்கலாம்.

அடுத்து அலைன்மென்ட் மெஷின். கேம்பர் மட்டும் பார்த்து விட்டுவிடாமல், ஸ்டியரிங் திரும்பும் அச்சின் சாய்வையும், அதாவது மெஷினில் எஸ்.ஏ.ஐ. என்று வருவதையும், பிரின்ட் எடுக்கச் சொல்ல வேண்டும். இடது பக்கம் கேம்பர் மைனஸ் 0.2 டிகிரி, எஸ்.ஏ.ஐ. 12.6. இரண்டையும் கூட்டினால் 12.4. வலது பக்கம் கேம்பர் பிளஸ் 1.1, எஸ்.ஏ.ஐ. 11.3. கூட்டினால் அதுவும் 12.4. கேம்பர் 1.3 டிகிரி மாறியிருக்கிறது, ஆனால் கூட்டுத்தொகை மாறவில்லை. நக்கிளோ ஸ்ட்ரட்டோ வளைந்திருந்தால் இந்தக் கூட்டுத்தொகை மாறியிருக்கும். மாறாததால் அந்த இரண்டும் நேராக இருக்கின்றன. அவை மொத்தமாகச் சாய்ந்திருக்கின்றன. ஆக, ஒன்று மேலே டவர் வெளியே வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கீழே ஆர்மின் பால் ஜாயின்ட் உள்ளே போயிருக்க வேண்டும்.

டவரைப் பார்ப்பது சுலபம். ட்ராம் கேஜ் வைத்து வலது டவர் போல்ட்டிலிருந்தும் இடது டவர் போல்ட்டிலிருந்தும் கண்ணாடிக்குக் கீழுள்ள நடுப்புள்ளிக்கு அளந்தால் இரண்டும் ஒன்று. டவர் நகரவில்லை. சப்ஃப்ரேமுக்கு அளவுகூட வேண்டாம். அதன் போல்ட் தலையைச் சுற்றி அழுக்கும் பெயின்டும் வட்டமாகப் படிந்திருக்கும். நகர்ந்திருந்தால் அந்த வட்டத்தின் ஒரு பக்கம் பிறை மாதிரி பளபளவென்று தகடு தெரியும். இந்த வண்டியில் வட்டம் கலையாமல் இருந்தது, அதன் படமும் உண்டு. மிச்சம் இருப்பது லோயர் ஆர்ம் ஒன்றுதான். அதைக் கழற்றி, கடையிலிருந்து வந்த புது ஆர்மை அதன் மேல் புஷ் துளையோடு துளை பொருத்தி வைத்தால் பால் ஜாயின்ட் மையம் விலகி நிற்பது குழந்தைக்கும் தெரியும். அது ஒரு படம்.

இப்படி நான்கு சந்தேகத்தில் மூன்றை நீக்கிவிட்டு ஒன்றைக் கேட்பதுதான் சரியான சப்ளிமென்டரி. எங்களில் சிலர் இதற்கு நேர்மாறாகச் செய்வதும் உண்டு: சக்கரம் பின்னால் போயிருக்கிறது என்றதும் ஆர்ம், ஸ்ட்ரட், நக்கிள், ஸ்டியரிங் ரேக் என்று மொத்த செட்டையும் எழுதிவிடுவது. நான்கையும் எழுதினால் சர்வேயர் நான்கையும் சந்தேகப்படுவார். ஸ்டியரிங் ரேக்கைக் கேட்க வேண்டுமானால் தனிக் காரணம் வேண்டும். டை ராடு வளைந்திருக்கிறதா, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பும்போது நடுவில் இறுகுகிறதா, ரேக்கின் ஹவுசிங்கில் விரிசல் இருக்கிறதா. இவை எதுவும் இல்லையென்றால் ரேக் நன்றாக இருக்கிறது.

லோயர் ஆர்மைத் தட்டி நிமிர்த்திப் போடச் சொல்லி உங்கள் பக்கத்திலிருந்து சில முறை பதில் வந்திருக்கிறது. இதில் மட்டும் எங்களால் இறங்கிவர முடியாது. சூடு காட்டி நிமிர்த்திய ஆர்ம் வெளியே நேராகத் தெரிந்தாலும் பலம் போயிருக்கும். ஓடும்போது முறிந்தால் சக்கரமே பிடிமானம் இல்லாமல் போய்விடும். கிராஷ் பாக்ஸும் அப்படித்தான். அது ஒருமுறை மடிவதற்காகவே செய்த பாகம். நிமிர்த்திப் போட்டால் அடுத்த இடியில் எங்கே, எவ்வளவு விசையில் மடியும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஏப்ரனில் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. அதை மாற்ற வேண்டியதில்லை, இழுத்தால் போதும். இந்த வண்டியில் வலது ஏப்ரன் முன்முனையிலிருந்து இடது டவருக்குக் குறுக்களவு 1,212 மி.மீ., எதிர்க் குறுக்களவு 1,219. ஏழு மி.மீ. வித்தியாசம், பொதுவாக மூன்றுக்குள் இருக்க வேண்டும். மடிப்பு வளைவாக இருந்தால் பெஞ்சில் மாட்டி இழுத்துவிடலாம். காகிதத்தை மடித்து நகத்தால் தேய்த்த மாதிரிக் கூர்மையாக முறிந்திருந்தால்தான் வெட்டி மாற்ற வேண்டும். இங்கே வளைவுதான், ஆகவே இழுக்கும் கூலி மட்டும் கேட்கிறோம். இழுத்த பிறகு எடுத்த அளவையும் பில்லோடு வைப்போம்.

கண்டென்சர் பற்றி இரண்டு வரி. அதன் கீழ் வலது மூலையில் குழாய் நசுங்கியிருப்பது படத்தில் தெரியும். ஆனால் கேஸ் கசிகிறதா என்று தெரியாது. நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை பூசி, குமிழி எழும்பும் இடத்தைப் பத்து விநாடி வீடியோவாக எடுத்து அனுப்புகிறோம். நசுங்கிய இடத்திலேயே குமிழி வந்தால் விபத்துச் சேதம். நடுவில் எங்கோ ஒரு புள்ளியில், சுற்றிலும் எண்ணெய்க் கறை காய்ந்து கிடக்க, அங்கே குமிழி வந்தால் அது முன்பே கல்லடி பட்டுக் கசிந்துகொண்டிருந்தது. அதை உங்களிடம் கேட்க மாட்டோம்.

கேட்காமல் விட்டதை எழுதிக்காட்டுவதும் விளக்கத் தாளின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் முடிவு. இதே வண்டியில் இடது டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் தெறித்துக் காய்ந்து, அதன் மேல் புழுதி படிந்திருந்தது. இடி வலது பக்கம். கிழிசல் பழசு. அதைத் தனி எஸ்டிமேட்டாக வண்டிக்காரரிடம் கொடுத்தாயிற்று என்று தாளின் கடைசியில் ஒரு வரி இருக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் அந்தத் தாளில் வேண்டியது இவ்வளவுதான்: பாகத்தின் பெயரும் பார்ட் நம்பரும், இடி எந்த வழியாக அதற்கு வந்தது, எந்தப் படம் அல்லது அளவு, பழுது பார்க்கலாமா மாற்ற வேண்டுமா, ஏன், விலை. ஒரு பாகத்துக்கு மூன்று நான்கு வரியைத் தாண்டாது.

தொகை விஷயத்தில் வண்டிக்காரர்களும் குழம்புகிறார்கள், சில அசெஸ்மென்ட்டும் குழம்பி வருகிறது. இந்த வண்டி ஆறு வருடப் பழசு, ஜீரோ டெப் கிடையாது. சப்ளிமென்டரியில் வந்த பாகங்கள், வரி நீங்கலாக: கிராஷ் பாக்ஸ் 2,100 ரூபாய், கண்டென்சர் 6,800, லோயர் ஆர்ம் 3,200, ஆக உலோகம் 12,100. ஃபேன் ஷ்ரவுட் பிளாஸ்டிக், 1,900. ஐந்து வருடம் தாண்டிப் பத்துக்குள் இருக்கும் வண்டிக்கு உலோகப் பாகத்தில் 40 சதவீதம் தேய்மானம், அதாவது 4,840. பிளாஸ்டிக்குக்கு வயது பார்க்காமல் 50 சதவீதம், 950. பாகங்களில் கம்பெனி தர வேண்டியது 8,210 ரூபாய். ஏப்ரன் இழுப்பு, பாகம் மாட்டுவது, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்துக் கூலி 6,800; கூலிக்குத் தேய்மானம் கிடையாது. ஏ.சி. கேஸ் 1,700, கன்ஸ்யூமபிள்ஸ் கவர் எடுக்காத பாலிசி என்பதால் வண்டிக்காரர் கணக்கு. ஆக மொத்தம் 22,500 ரூபாய் சப்ளிமென்டரியில் கம்பெனி பங்கு 15,010, வண்டிக்காரர் பங்கு 7,490. இந்தக் கணக்கை வேலை தொடங்கும் முன்பே வண்டிக்காரரிடம் எழுதிக் காட்டிவிட்டால் டெலிவரி நாளில் பட்டறை வாசலில் சண்டை இருக்காது.

இங்கே ஒரு பிசகைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. 1,500 சி.சி. வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். அது ஒரு கிளைமுக்கு ஒரு தடவை. முதல் அசெஸ்மென்ட்டில் கழித்த பிறகு, சப்ளிமென்டரியைத் தனி எஸ்டிமேட் மாதிரிப் பாவித்து மறுபடி கழித்து வருகிற தாள்களைப் பார்க்கிறோம். சப்ளிமென்டரி அதே விபத்தின், அதே கிளைமின் தொடர்ச்சி. தொகை சின்னதுதான், ஆனால் அதைத் திருத்தி வாங்க ஒரு வாரம் போகிறது.

இன்னொன்று பெரிய இடிகளுக்கு. பழுது செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டமாகக் கணக்கிடுவீர்கள். முதல் எஸ்டிமேட்டே 60 சதவீதத்தைத் தொடுகிற வண்டியில் பாதி வேலை முடித்த பிறகு சப்ளிமென்டரி போட்டால் எல்லோருக்கும் தலைவலி: தட்டி முடித்த கூலியை யார் தருவது என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடையாது. இப்படிப்பட்ட வண்டியில் ஒரு போல்ட்டைக்கூடப் பொருத்தாமல் முழுதும் பிரித்து, மொத்த எஸ்டிமேட்டையும் ஒரே தடவையில் தருவதுதான் முறை. பிரிக்கும் கூலியை முதல் சர்வேயிலேயே எழுத்தில் ஒத்துக்கொள்ளுங்கள். நாங்களும் அவசரப்பட்டு வேலையைத் தொடங்க மாட்டோம்.

இனி உங்களிடம் கேட்பது.

முதல் எஸ்டிமேட்டின் கீழே ‘கழற்றிய பிறகு உறுதி செய்ய வேண்டியவை’ என்று சந்தேகப் பாகங்களை விலை போடாமல் எழுதித் தருகிறோம். அதை சர்வேயர் பார்த்துக் கையெழுத்திட்டால், பிறகு அதே பாகங்கள் சப்ளிமென்டரியில் வரும்போது ‘முதலில் ஏன் சொல்லவில்லை’ என்ற கேள்வி எழாது. அந்தப் பட்டியலில் இல்லாத பாகம் ஏதும் வந்தால் கூடுதல் விளக்கம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வண்டியைப் பிரிக்கும் நாளை முந்தின நாளே மெயிலில் சொல்கிறோம். பிரித்ததிலிருந்து இரண்டு வேலை நாளுக்குள் சர்வேயர் வந்து பார்க்கட்டும். திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை ஒரு வண்டிக்காக வருவது கஷ்டம் என்பது தெரியும். வர முடியாவிட்டால் வீடியோ காலில் பார்க்கலாம்; சர்வேயர் எங்கே காட்டச் சொல்கிறாரோ அங்கே கேமராவைக் கொண்டுபோகிறோம், ஸ்கேலையும் அவர் கேட்ட இடத்தில் வைக்கிறோம். ஒரு நிபந்தனை, அந்த அழைப்பைப் பதிவு செய்து இரு பக்கமும் ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் நடக்காமல் மூன்றாம் நாள் ஆகிவிட்டால், அன்று தெரியும் துருவை எங்கள் தலையில் கட்டக் கூடாது. பிரித்த நாள் படமே சாட்சி என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுப்பதாக இருந்தால் பாகம் வாரியாக மறுங்கள். ‘பழைய சேதம்’ என்றால் எதை வைத்து என்று எழுதுங்கள்: செதில் துருவா, மழுங்கிய ஓரமா, இடி வழியில் இல்லையா. காரணம் தெரிந்தால் வண்டிக்காரரிடம் நாங்களே சொல்லிப் புரியவைப்போம். பல சமயம் நீங்கள் சரியாகவும் இருப்பீர்கள். காரணம் இல்லாத மறுப்பை வைத்துக்கொண்டு வண்டிக்காரரும் நாங்களும்தான் பேசிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

கழற்றிய பாகங்களை ஜாப் கார்டு நம்பர் எழுதிய டேக் கட்டி, மழை படாத அலமாரியில், ரீ-இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து உங்கள் எழுத்து வரும்வரை வைத்திருக்கிறோம். துரு ஏறாமல் இருக்க முறிந்த இடத்தில் எண்ணெய் பூசலாமா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் ஓடியது. பூசினால் அதுவே சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும் என்று விட்டுவிட்டோம். படம் எடுத்து முடித்த பிறகு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டுவது என்று முடிவு. நீங்கள் வேறு முறை சொன்னால் அதையே பின்பற்றுகிறோம், ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே முறையாக இருக்கட்டும்.

இந்த மடலோடு விளக்கத் தாளின் மாதிரி ஒன்றும், மேலே சொன்ன வண்டியின் படங்கள் நம்பர் பிளேட்டை மறைத்தும் இணைத்திருக்கிறோம். தாளில் எந்தக் கட்டம் கூடுதல், எது போதவில்லை என்று குறித்துத் திருப்பி அனுப்பினால் வரும் மழைக்காலத்துக்கு முன்னால் அச்சடித்து எல்லாப் பட்டறைக்கும் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி, நாகப்பட்டினம் சுற்றுவட்டாரப் பட்டறைக்காரர்கள் சிலர்